பதிவுக் கணக்கை நம்ப முடியாதபோது எவ்வளவு சமைப்பது? முழுமையான வழிகாட்டி

320 பேர் பதிந்திருக்கிறார்கள், எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று கேட்டால் ஏற்பாட்டாளர் ஒரு பதில் சொல்வார், சமையல் பொறுப்பாளர் வேறொன்று சொல்வார், பொருள் வாங்குபவர் இன்னொன்று சொல்வார். மூன்று பேருமே தங்கள் பங்குக்கு கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஏற்பாட்டாளர் பத்து சதவீதம் கூட்டிச் சொல்கிறார், அந்த எண்ணின் மேல் சமையல்காரர் பத்து, அதன் மேல் வாங்குபவர் பத்து. 320 என்பது 426 ஆகிவிடும். யாரும் தவறாக எதுவும் செய்யவில்லை, ஆனால் அடுக்களைக்குள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உணவு வந்துவிட்டது, அது ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் முதல் விதி: எல்லோரும் பச்சையான எண்ணை மட்டும் கொடுக்க வேண்டும், பாதுகாப்புக்காகச் சேர்ப்பது ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒருவர் கையால், கடைசியில் நடக்க வேண்டும். இதை முன்கூட்டியே வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இது நடக்காவிட்டால் கீழே சொல்லப்போகும் கணக்கு எதுவும் உதவாது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரே வகை நிகழ்வைத்தான்: கட்டணம் இல்லாத ஒருநாள் கூட்டம், நடுவில் மதிய உணவு, முன்பதிவு உண்டு, ஆனால் வாசலில் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டீர்கள். பதிந்தவர்களில் ஒரு பகுதி வராது, பதியாதவர்களில் ஒரு பகுதி வரும், வந்தவர்களில் ஒரு பகுதி மறுபடியும் தட்டோடு வந்து நிற்கும். உதாரண எண்களை வைத்தே கடைசிவரை போவோம், அவற்றின் இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பதிவை ஒரே எண்ணாகப் பார்க்காதீர்கள்

320 என்ற எண்ணுக்குள் இரண்டு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். நேற்றோ முந்தாநாளோ "வருகிறேன்" என்று மறுபடி உறுதி சொன்னவர்கள் ஒரு வகை. பல வாரங்களுக்கு முன் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அதன் பிறகு சத்தமே இல்லாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையின் வருகை விகிதமும் அருகருகே கூட வராது, இரண்டையும் கலந்து "எழுபது சதவீதம் வருவார்கள்" என்று சொல்வதுதான் பெரும்பாலான பிழைகளின் தொடக்கம்.

ஆகவே நிகழ்வுக்கு மூன்று நாள் முன்பு எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். "வருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "வருகிறீர்களா, உங்களோடு எத்தனை பேர், சாப்பிடுவீர்களா?" என்று மூன்றையும் கேளுங்கள். காலையில் வந்து சாப்பிடாமலே போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், அவர்களையும் இந்தக் கேள்வி வெளியே கொண்டுவரும்.

நம் உதாரணத்தில் 190 பேர் உறுதி சொன்னார்கள், 130 பேரிடமிருந்து பதில் இல்லை என்று வைப்போம். முதல் வகைக்கு 85 முதல் 95 சதவீதம், நடுவில் 90. இரண்டாம் வகைக்கு 30 முதல் 60 சதவீதம், நடுவில் 45. இந்த விகிதங்கள் எங்கும் பொருந்தும் உண்மைகள் அல்ல. உங்கள் பழைய நிகழ்வுகளின் குறிப்பு இருந்தால் அதிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் இப்படி அகலமாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அகலமாக வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தெரியாததைத் தெரிந்தது போல ஒரே எண்ணாக எழுதுவதில்தான் ஆபத்து.

இப்போது நடு எண்கள்: உறுதி சொன்னவர்களில் 171, பதில் சொல்லாதவர்களில் 59.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 130 பேரில் ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள், 45 சதவீதம் என்ற விகிதமும் சரியாகத் தெரியும் என்றால், வருகிறவர் எண்ணிக்கை பெரும்பாலும் ஆறேழு பேருக்கு மேல் விலகாது. ஆனால் விகிதம் 30-ஆ 60-ஆ என்றே தெரியாததால் 39 பேர் வரலாம், 78 பேரும் வரலாம். நம்மைக் கவிழ்ப்பது தற்செயல் அல்ல, விகிதம் தெரியாததுதான். அந்த 130 பேரில் ஒரு முப்பது பேரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டாலே இந்த அகலம் நன்றாகச் சுருங்கும். ஒரு மணி நேர வேலை. சமையலில் எவ்வளவு சேர்ப்பது என்று அரை நாள் விவாதிப்பதைவிட அந்த ஒரு மணி நேரம் பலமடங்கு பயன் தரும். முப்பது பேரைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டியலின் மேலே இருப்பவர்களை வரிசையாக எடுக்காதீர்கள், நாலு பேருக்கு ஒருவர் என்று இடைவெளி விட்டு எடுங்கள், ஏனென்றால் முதலில் பதிந்தவர்களும் கடைசியில் பதிந்தவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இன்னொன்று: மக்கள் தனித்தனியாக வருவதில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் வந்தால் நான்கும் வரும், இல்லையென்றால் நான்கும் இல்லை. ஒரே வண்டியில் வருகிற கூட்டமும் அப்படித்தான். அப்படிப்பட்ட கொத்துகள் நிறைய இருந்தால் ஏற்ற இறக்கம் கூடும். பெரிய கொத்துகள் எவை என்று தெரிந்தால் அவற்றின் தலைவர்களை மட்டும் தனியாக அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

படி 2: பதியாமல் வருபவர்களை மூன்றாகப் பிரியுங்கள்

பதிவின் மேல் ஒரு சதவீதத்தைப் போட்டு இவர்களைக் கணக்கிடுவது வழக்கம், எனக்கு அது பிடிப்பதில்லை, ஏனென்றால் இவர்கள் வரும் வழிகள் வேறு வேறு.

பதிந்தவர்களோடு கூட வருபவர்கள் ஒரு வகை. இவர்கள் பதிந்தவர் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூடுவார்கள், குறைவார்கள். நம் உதாரணத்தில் 10 முதல் 45, நடுவில் 25 என்று வைக்கலாம். எந்தத் தொடர்பும் இல்லாமல் செய்தி கேட்டோ வழியில் பார்த்தோ உள்ளே வருபவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கும் பதிவுக்கும் சம்பந்தமே இல்லை, எவ்வளவு விளம்பரம் செய்தீர்கள், இடம் ஆள் நடமாட்டம் உள்ள இடமா, உணவு உண்டு என்று அறிவிப்பில் போட்டீர்களா என்பதைப் பொறுத்து அவர்கள் வருவார்கள். இவர்களுக்கு 5 முதல் 40, நடுவில் 15.

மூன்றாவது வகையைப் பதியாமல் வருபவர் என்று சொல்வதே தவறு, ஆனாலும் எல்லாக் கணக்கிலும் விடுபடுவது அவர்கள்தான்: தன்னார்வலர்கள், பேச்சாளர்கள், ஒலிபெருக்கிக்காரர்கள், ஓட்டுநர்கள், காவலாளிகள், சமைத்தவர்களே. இவர்கள் பதிவதில்லை, ஆனால் நிச்சயம் சாப்பிடுவார்கள், பெரும்பாலும் கடைசியில் சாப்பிடுவார்கள். குறை விழுந்தால் அது இவர்கள் தலையில்தான் விழும். பெயர் சொல்லி எண்ணுங்கள். உதாரணத்துக்கு 30 பேர், இதில் ஏற்ற இறக்கம் இல்லை.

நடு எண்களைக் கூட்டினால் 171 + 59 + 25 + 15 + 30, மொத்தம் 300 தட்டு.

படி 3: மேல் எல்லையும் கீழ் எல்லையும்

எல்லா மேல் எண்களையும் கூட்டினால் 374 வரும், எல்லாக் கீழ் எண்களையும் கூட்டினால் 246. இந்த இரண்டையும் எல்லையாக வைத்தால் உணவு வீணாகும், ஏனென்றால் நான்கு நிச்சயமின்மைகளும் ஒரே நாளில் ஒரே பக்கம் சாய்வது அரிது. ஒன்று கூடும்போது இன்னொன்று குறைந்து கொஞ்சம் சமன் செய்துகொள்ளும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு வகையிலும் நடு எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள்: 10, 19, 20, 25. ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 39 வரும். ஆக மேல் எல்லை 340 அளவில். கீழ்ப்பக்கமும் இதே கணக்கு போட்டால் 28 குறையும், அதாவது 270 அளவில்.

ஆனால் இந்தக் கணக்கு வகைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று நம்புகிறது, அது முழு உண்மை இல்லை. பெருமழை பெய்தால் எல்லா வகையும் சேர்ந்தே குறையும், கடைசி நாளில் யாரோ ஒருவர் செய்தியைப் பரப்பிவிட்டால் எல்லாம் சேர்ந்தே கூடும். அதனால் மேலே கொஞ்சம் நீட்டி 350 என்று வைக்கிறேன். நம் வேலை எண்கள் மூன்று: 270, 300, 350. இனிமேல் 320-ஐ மறந்துவிடுங்கள்.

படி 4: தட்டைக் கிராமாக மாற்றுவது

மறுமுறை வாங்குபவர்களை ஆட்களாகச் சேர்த்து எண்ணுவது இன்னொரு பரவலான தவறு. "நூறு பேர் மறுபடி வருவார்கள், அதனால் நானூறு பேருக்குச் செய்" என்பார்கள். மறுமுறை வாங்குபவர் முழு அளவு வாங்குவதில்லை, எல்லா உணவையும் வாங்குவதும் இல்லை. பிடித்த ஒன்றிரண்டை மட்டும், பாதி அளவுக்கு வாங்குவார்கள். ஆகவே ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனியாக எடையில் கணக்கிட வேண்டும்.

சோற்றை எடுத்துக்கொள்வோம். முதல் முறை 200 கிராம். நூற்றில் 40 பேர் மறுபடி வந்து 120 கிராம் வாங்குகிறார்கள். அப்படியானால் ஒரு தட்டுக்கு சராசரி 200 + 48, அதாவது 248 கிராம், 250 என்று வைப்போம். 300 தட்டுக்கு 75 கிலோ சோறு. ஒரு கிலோ அரிசி ரகத்தையும் தண்ணீரையும் பொறுத்து இரண்டரை முதல் மூன்று கிலோ வரை சோறாகும். நீங்கள் வாங்கப்போகும் அதே அரிசியை ஒரு கிலோ வேகவைத்து எடைபோட்டு உங்கள் விகிதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2.7 என்று வந்தால் 300 தட்டுக்கு 28 கிலோ அரிசி. சிறு குழந்தைகள் கணிசமாக வருவார்கள் என்றால் இருவரை ஒரு தட்டாக எண்ணிக்கொள்ளலாம்.

அந்த 200 கிராம் எங்கிருந்து வந்தது? பரிமாறப்போகும் அதே கரண்டியிலிருந்து வர வேண்டும். பரிமாறப்போகும் அதே ஆளிடம் கரண்டியைக் கொடுத்து பத்துத் தட்டில் பரிமாறச் சொல்லி எடைபோடுங்கள். காகிதத்தில் 200 என்று எழுதிவிட்டு, கையில் 260 பிடிக்கும் கரண்டியைக் கொடுத்தால், வராதவர், வந்தவர் பற்றிய கணக்கெல்லாம் ஒரு கரண்டியில் அடித்துப் போய்விடும். 300 தட்டுக்கு அந்த 60 கிராம் மட்டும் 18 கிலோ. அவரவரே எடுத்துக்கொள்ளும் முறை என்றால் நிலைமை இன்னும் தளர்வு, முதல் அளவே பெரிதாக இருக்கும், மறுமுறை வருபவர் குறைவார்கள், தட்டில் மிச்சமாவதும் கூடும். குறைந்தபட்சம் விலை அதிகமான உணவை மட்டுமாவது ஒருவர் நின்று பரிமாறும்படி வையுங்கள்.

இப்போது இந்த வழிகாட்டியில் நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். 300 தட்டுக்கு மறுமுறைக்கென ஒதுக்கியது 300 × 48 கிராம், அதாவது 14.4 கிலோ. அது 72 பேரின் முதல் அளவு! ஆக மறுமுறை என்பது பாரமாக மட்டும் இல்லை, எதிர்பாராமல் வருகிறவர்களைத் தாங்கும் இருப்பும் அதுவேதான். முதல் சுற்று எல்லோருக்கும் முடிந்த பிறகே மறுமுறை என்று வைத்தால், 300 தட்டுக்குச் செய்த சோற்றில் 370 பேர் ஒரு முறை சாப்பிட்டு எழலாம். வராதவர்கள் அதிகமானால் அதே இருப்பு தாராளமான மறுமுறையாகப் போய்விடும். பதிவு, வாசலில் வருபவர், மறுமுறை என்ற மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் கூடுதல் போட வேண்டியதில்லை, மூன்றாவதை வைத்தே முதல் இரண்டையும் சமாளிக்கலாம். இதற்கு வேண்டியது கூடுதல் உணவு இல்லை, பரிமாறும் ஒழுங்கு. மறுமுறை எப்போது திறக்கும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள், நடுவில் திடீரென்று நிறுத்தினால்தான் மனக்கசப்பு வரும்.

படி 5: எந்த உணவை எந்த எண்ணுக்குச் செய்வது

எல்லா உணவையும் ஒரே எண்ணுக்குச் செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள்: பாதியில் இன்னொரு முறை செய்ய முடியுமா, மிஞ்சினால் என்ன ஆகும்?

முக்கால் மணி நேரத்துக்குள் செய்துவிட முடிந்தவை, நம் உதாரணத்தில் சோறு மாதிரியானவை, முதல் முறை 270-க்குச் செய்யுங்கள். 270 தட்டு என்றால் 68 கிலோ சோறு, 25 கிலோ அரிசி. 350 வரைக்கான மீதி எட்டுக் கிலோ அளவு அரிசி பச்சையாகவே மூட்டையில் இருக்கட்டும். வேகாத அரிசி அடுத்த வாரமும் அரிசிதான், அதை வீண் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த இரண்டாம் முறைக்கு ஒரு அடுப்பும் ஒரு பாத்திரமும் ஒரு ஆளும் காலியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அரிசி இருந்து அடுப்பு இல்லையென்றால் அது இருப்பே இல்லை.

மூன்று நான்கு மணி நேரம் பிடிப்பவற்றுக்கு, உதாரணமாக நீண்ட நேரம் வேகும் இறைச்சி அல்லது முன்தினமே செய்ய வேண்டிய இனிப்பு, அன்று காலையில் திருத்த வாய்ப்பே கிடையாது. இங்கே குறைவதும் மிஞ்சுவதும் எவ்வளவு கசக்கும் என்று ஒப்பிட வேண்டும். ஒரு தட்டு குறைவது, ஒரு தட்டு மிஞ்சுவதைவிட மூன்று மடங்கு மோசம் என்று நினைத்தால், இப்படிப்பட்ட நான்கு நிகழ்வில் மூன்றில் போதுமானதாக இருக்கும் அளவுக்குச் செய்ய வேண்டும். நம் எண்களில் அது 320 அளவில் வரும். இரண்டும் சமமாகக் கசக்கும் என்றால் 300 போதும். இனிப்பு தீர்ந்துபோனால் யாரும் பசியோடு போகப்போவதில்லை, அதனால் அதற்கு 300 என்றும், முக்கிய உணவுக்கு 320 என்றும் வைப்பது நியாயமான முடிவு. எல்லாவற்றுக்கும் 350 வைக்கத் தோன்றும், அதை எதிர்த்து நில்லுங்கள்.

பிரிக்காத பொட்டலங்கள், தண்ணீர்ப் புட்டிகள், முழுப் பழங்கள் ஆகியவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், 350-க்கு வாங்கிவிடுங்கள். தட்டும் அப்படித்தான்.

படி 6: உணவுக்கு முன் உள்ளே இருப்பவர்களை எண்ணுங்கள்

மூன்று நாள் முன்பு போட்ட கணிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அன்று உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை நேரில் எண்ணுவதற்கு ஈடாகாது. சாப்பாடு 12:30-க்கு என்றால் 11:45-க்கு ஒருவர் அரங்கைச் சுற்றி வந்து எண்ணட்டும், வெளியே நிற்பவர்களையும் வேலை செய்பவர்களையும் சேர்த்து. வருகைப் பதிவேட்டை நம்ப வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்களும் போடாமல் நுழைந்தவர்களும் அதில் தெரியமாட்டார்கள்.

288 பேர் என்று வந்தது என்று வைப்போம். சாப்பாட்டு நேரத்துக்கென்றே வருபவர் 10 முதல் 25 பேர் இருக்கலாம். ஆக 298 முதல் 313. 270 முதல் 350 வரை இருந்த அகலம் 15 பேராகச் சுருங்கிவிட்டது பாருங்கள். 313-க்கும் 270-க்கும் இடையே 43 தட்டு, 10.75 கிலோ சோறு, நான்கு கிலோ அரிசி. 12 மணிக்குள் அடுப்பில் ஏற்றினால் 12:45-க்குத் தயார். முதல் பாத்திரம் அதுவரை தாராளமாகத் தாங்கும். மீதி அரிசியைத் தொடவே வேண்டாம்.

எண்ணிக்கை 245 என்று வந்திருந்தால் இரண்டாம் சமையலே தேவையில்லை. 340 என்று வந்திருந்தால் எட்டுக் கிலோவையும் ஏற்றிவிட்டு, மறுமுறையைத் தள்ளிவைக்கும் அறிவிப்பையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

படி 7: பரிமாறும்போது பாத்திரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

தட்டுகளை முன்கூட்டியே ஐம்பது ஐம்பதாக அடுக்கி வைத்தால் எத்தனை தட்டு போயிற்று என்பது ஒரு பார்வையில் தெரியும். மறுமுறைக்கு அதே தட்டோடு வரச் சொல்லுங்கள், புதுத் தட்டு எடுத்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். சுகாதாரக் காரணத்தால் புதுத் தட்டுதான் கொடுக்க வேண்டும் என்றால் மறுமுறைக்கு வேறு நிறத்தில் ஒரு தனி அடுக்கு வையுங்கள். எடை பார்க்க இயலாவிட்டால் நேரான சுவர் கொண்ட பாத்திரத்தில் உயரமே அளவு, ஒரு குச்சியில் நான்கு கோடு போட்டுக்கொண்டால் போதும்.

12:30-க்குத் தொடங்கி ஒரு மணிக்கு 150 தட்டு போயிருக்கிறது, 33 கிலோ செலவாகியிருக்கிறது என்று வைப்போம். முதல் சமையலில் மிச்சம் 35 கிலோ. தட்டுக்கு 220 கிராம்தானே போகிறது, பிரச்சினையே இல்லை என்று தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் தவறான முடிவெடுக்கிறார்கள். ஏற்கெனவே சாப்பிடுகிற 150 பேருக்கு இன்னும் மறுமுறை பாக்கி இருக்கிறது. அவர்களுக்கு மறுமுறைக்கென 7.2 கிலோ வேண்டும், இதுவரை போனது 3 கிலோதான், ஆகவே 4.2 கிலோ ஏற்கெனவே அவர்களுடையது. உண்மையில் புதியவர்களுக்கு இருப்பது 30.8 கிலோ, அதாவது 123 தட்டு. மொத்தம் 273, நாம் முதலில் திட்டமிட்ட 270-ஐ ஒட்டியே இருக்கிறோம். முதல் அரைமணி நேரத்தில் பாத்திரம் எப்போதும் உண்மையைவிட நிறைவாகத் தெரியும், ஏனென்றால் மறுமுறை கால் மணி நேரம் பிந்தித்தான் வந்து சேரும்.

குறையப்போகிறது என்பது பாதி வரிசை மிச்சமிருக்கும்போதே தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது: கரண்டியை மாற்றி முதல் அளவை 200-இலிருந்து 170 ஆக்குங்கள், மறுமுறையைத் தள்ளுங்கள். இதை நடுவிலேயே செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கடைசி முப்பது பேருக்குச் செய்தால் அவர்கள் தட்டு மட்டும் காலியாக இருக்கும். வேலை செய்பவர்களின் 30 தட்டை அளந்து முதலிலேயே தனியாக எடுத்து மூடிவைத்துவிடுவதும் நல்லது.

காத்திருக்கும் உணவு சூடாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள். சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோற்றில் இது இன்னும் முக்கியம், வேகவைத்தாலும் சாகாத நுண்ணுயிர் விதைகள் அதில் இருக்கும், வெதுவெதுப்பில் அவை பெருகும். அதனால் 11 மணிக்கே 350 பேருக்குச் சமைத்து மூடிவைப்பது செலவு மட்டும் அல்ல, மிஞ்சியதை யாருக்கும் கொடுக்கவும் முடியாமல் செய்துவிடும்.

படி 8: முடிந்ததும் நான்கு எண்களை எழுதுங்கள்

எத்தனை தட்டு போயிற்று, ஒவ்வொரு உணவிலும் எவ்வளவு சமைத்தது, பாத்திரத்தில் எவ்வளவு மிச்சம், தட்டுகளில் எவ்வளவு மிச்சம். கடைசி இரண்டையும் கலந்துவிடாதீர்கள், இரண்டும் சொல்லும் செய்தி வேறு. பாத்திரத்தில் மிஞ்சினால் ஆள் கணக்கு கூடிவிட்டது. தட்டில் மிஞ்சினால் கரண்டி பெரிது, அல்லது அந்த உணவு பிடிக்கவில்லை.

நம் உதாரணத்தில் 306 தட்டு போய், சமைத்த 78.75 கிலோவில் 3 கிலோ பாத்திரத்தில் மிஞ்சியிருந்தால், தட்டுக்கு 248 கிராம் போயிருக்கிறது. அடுத்த முறைக்கு இதுதான் உங்கள் சொந்த எண். வருகையையும் வகைவாரியாக எழுதிவையுங்கள்: உறுதி சொன்ன 190-இல் எத்தனை, பதில் சொல்லாத 130-இல் எத்தனை, பதியாதவர் எத்தனை. இப்படி நான்கைந்து நிகழ்வின் குறிப்பு சேர்ந்தால் 30 முதல் 60 என்றிருந்த அந்த அகலம் தானாகவே குறுகும்.

தீர்ந்துபோன உணவு ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் தனி எச்சரிக்கை. 40 கிலோ செய்தோம், 40 கிலோவும் போயிற்று, ஆகவே 40 கிலோ போதும் என்று எழுதிவிடாதீர்கள், எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. எந்த நேரத்தில் தீர்ந்தது, அப்போது எத்தனை தட்டு போயிருந்தது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 240-ஆவது தட்டில் தீர்ந்திருந்தால், 40 கிலோவை 240-ஆல் வகுத்து வரும் 167 கிராம்தான் தட்டு அளவு, 306 தட்டுக்கு அது 51 கிலோ. அந்த நேரத்தில் மறுமுறை முழுதாக முடிந்திருக்காது என்பதால் இந்த 51 கிலோவையும் குறைந்தபட்சம் என்றே குறிப்பேட்டில் எழுதுங்கள்.